வார்னிஷ் காய வேண்டாமா?

மரப் பலகையில் பெயர் செதுக்கி விற்பவள் அக்கா. இணையக் கடையைப் பார்த்துக்கொள்பவன் தம்பி. புதுப் பரிசுப் பலகைக்கான இணையப் பக்கத்தில், செதுக்க வேண்டிய பெயரை வாங்குபவர் எழுத ஒரு கட்டம் சேர்த்தான். அதை நிரப்பாமல் ஆர்டர் போட முடியாது, பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஏறாது. தயாரிக்கும் காலம் என்ற இடத்தில் ஒரு நாள் என்று போட்டான்.

“அஞ்சு நாள் போடுடா. வார்னிஷ் காயணும்.”

“அஞ்சு நாள்னா எவன் வாங்குவான்? காலையில பூசினது, இதோ பளபளன்னு இருக்கு” என்று மாதிரிப் பலகையைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்தபோது ரேகை அப்படியே வார்னிஷில் பதிந்திருந்தது.

தயாரிக்கும் காலத்தை ஐந்து நாள் என்று மாற்றினான்.

“அந்தப் பலகை உனக்குத்தான்,” என்றாள் அக்கா. “பேர்கூட செதுக்க வேண்டாம், கைரேகையே போட்டுட்ட.”