மேற்படி டாக்டரின் ஏழு ரிப்போர்ட்டுகள்

இதயப் பிரிவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிப்பது என் வேலை. எங்கள் டாக்டருக்கு நான் வைத்த பெயர் மேற்படி. மனுஷன் ஆஞ்சியோ செய்வதில் கில்லாடி. வாயைத் திறப்பதற்கு மட்டும் அப்படியொரு சோம்பல்.

அன்று ஏழு பேருக்கான பதிவு. ஏழாவது ஆள் ஒரு மெக்கானிக், மாரடைப்போடு வந்தவர். வீட்டுக்குப் போக சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை மாட்டினேன்.

"இடது பிரதானக் குழாய் நார்மல். எல்.ஏ.டி. குழாய் தொடக்கத்துல தொண்ணூத்தஞ்சு சதவீத அடைப்பு. மருந்து பூசின ஸ்டென்ட் ஒண்ணு வச்சாச்சு, ஓட்டம் நல்லா இருக்கு. மத்த குழாய், மாத்திரை எல்லாம் முந்தின கேஸ் மாதிரியே."

முந்தின கேஸைக் கேட்டேன். அதுவும் அதற்கு முந்தினது மாதிரியாம். இப்படியே முதல் ஆள்வரை போனால், "போன வாரக் கடைசி கேஸ் மாதிரி" என்கிறார். அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். போன வார ஆளுக்கு எல்லாக் குழாயும் நார்மல், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் தேவையில்லை.

அடப்பாவி மனுஷா! அப்படியே அடித்தால் மெக்கானிக் புது ஸ்டென்ட்டோடு மாத்திரையே இல்லாமல் போவார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டினால் ஆளே காலி.

மேனேஜர் வந்தார். "பத்து வருஷமா அடிக்கிறீங்க, வழக்கமா போடறதப் போட்டு அனுப்புங்கம்மா."

"நான் டாக்டரில்ல சார். நானா ஒரு மாத்திரை எழுத மாட்டேன்."

"கட்டில் காலியாகணும்!"

"ஆளு காலியானா பரவாயில்லையா?"

மேற்படியே டீ கப்போடு வந்துவிட்டார். "என்ன மாத்திரைன்னு உங்களுக்கே தெரியாதாம்மா?"

"எனக்குத் தெரியும் சார். பேப்பருக்குத் தெரியாது. சர்கம்ஃப்ளெக்ஸ் குழாய் எப்படி? வலது குழாய் எப்படி?"

ஏழு பேரும் அவர் மண்டைக்குள் ஒரே ஆளாகிப் போயிருந்தார்கள். முனகிக்கொண்டே மெக்கானிக்கின் படத்தைத் திரையில் ஓட்டினார். வலது குழாயில் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். டீ ஆறிப்போனது.

"சர்கம்ஃப்ளெக்ஸ்ல முப்பது சதவீத அடைப்பு, ஒண்ணும் செய்ய வேணாம். வலது குழாய் நடுவுல எண்பது சதவீதம்." குரல் இறங்கியிருந்தது. "ஆறு வாரத்துக்குள்ள அதுக்கும் ஸ்டென்ட் வைக்கணும். ஆஸ்பிரின் எழுபத்தஞ்சு, தினம் ஒண்ணு, ஆயுசுக்கும். டிக்காக்ரெலார் தொண்ணூறு, காலையும் ராத்திரியும், ஒரு வருஷம். இதய டாக்டரக் கேக்காம ரெண்டையும் நிறுத்தக் கூடாது."

அடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதி ஆறு பேரின் படங்களையும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ரிப்போர்ட்டோடு வெளியே போனேன். மெக்கானிக்கின் மனைவி பொரிந்து தள்ளிவிட்டாள்.

"ஒரு மணி நேரமா! ஒரு பக்கம் அடிக்க இவ்வளவு நேரமா? நல்லா இருக்குங்க உங்க வேலை!"

எனக்கும் சுள்ளென்று வந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை வரியில் விரல் வைத்து மெதுவாகப் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ படிங்க," என்றாள்.