சுழலாத சுடர்

மழை தன் கடமையை முடித்துக்கொண்டு விடைபெற்றிருந்தது. கூதிர் கழிந்து முன்பனி இறங்கும் அந்த இடைப்பொழுதில், நெடிய பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு உலகமே வாய்மூடி அமர்ந்திருப்பது போலத் தோன்றும். வெயில் வரும், சுடாது. காற்று வரும், கிளை அசையாது. சன்னல் கம்பியின் அடிப்புறத்தில் தொங்கும் பனித்துளி, விழுவோமா நிற்போமா என்று நெடுநேரம் யோசித்துப் பின் யாருக்கும் கேட்காமல் விழும். அத்தகைய விடியல்களில் எந்த வீட்டிலும் முதலில் கண்விழிப்பது அடுப்புதான்.

அந்த வீட்டு அடுப்பை எழுப்பியவர் மேஸ்திரி. ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கையால் எழுந்தவை. முழங்கால் இனிச் சாரம் ஏறாது என்று கைவிரித்த பிறகு, பூச்சுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சமையல் கரண்டியை எடுத்துக்கொண்டார். மனைவி நகர நூலகத்தில் வேலை பார்த்தாள். இத்தனை ஆண்டுகளாகத் தமக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளுக்கு இனித் தாம் கட்டிக் கொடுப்பது என்று அவராகவே முடிவெடுத்தார். அவளும் மறுக்கவில்லை. முதல் நாள் உப்பில்லாத பருப்பைச் சாப்பிட்டு முடித்து, "கட்டடம் நல்லா நிக்குது மேஸ்திரி, பூச்சு வேலைதான் பாக்கி" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கேலியிலேயே அவர் கை தேறியது.

கை நன்றாகத் தேறிய பின்புதான் அவளுக்கு வாந்தி தொடங்கியது.

காலையில் எழும்போதே குமட்டல். பல்லைக் கடித்துக்கொண்டு குளித்து வருவாள். அவர் வைத்ததைச் சாப்பிடுவாள். புறப்படுமுன் கூடத்து மூலையில் தாழ்வாக இருக்கும் சாமி மாடத்தின் முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்குவாள். எழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவாள். உண்டதெல்லாம் வெளியே வந்துவிடும்.

உண்டாள், கக்கினாள். இடையில் வணங்கியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. வணக்கம் எப்படி நோயாகும்?

பித்தம் என்று முடிவு கட்டினார். முதலில் காரத்தைக் குறைத்தார், பிறகு எண்ணெயை, பிறகு புளிப்பை. மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, அவள் வாய் திறக்குமுன் இவரே எல்லாவற்றையும் ஒப்பித்தார். சாப்பிட்டால் தங்குவதில்லை, வெறும் வயிற்றிலும் குமட்டுகிறது, பித்தம் ஏறியிருக்கிறது. மருத்துவர் அமிலத்தைத் தணிக்கும் மாத்திரை எழுதினார். அது தீர்ந்து இன்னொன்றும் எழுதினார். வாந்தி மட்டும் தன் போக்கில் வந்து போயிற்று. அவள் கைவளையல் முழங்கைவரை ஏறத் தொடங்கியது.

அவள் தங்கை தொலைபேசியில் நலம் விசாரித்தபோது, சிரித்தபடியேதான் கேட்டாள். "அத்தான், மாவு டப்பாவையும் சிமெண்ட் மூட்டையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கீங்களா?"

அவரும் சிரித்தார். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு உள்ளங்கைகளை விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தின்று தழும்பேறிய கைகள். இந்தக் கையில் ஏதோ நஞ்சு இருக்கிறது, இதுவே இவளைக் கரைக்கிறது என்ற எண்ணம் ஈரம் சுவரில் ஏறுவது போல அவருக்குள் ஏறியது. தாமும் அதே பானையில்தான் உண்கிறோம், தமக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லையே என்று நினைக்கும் தெளிவு அப்போது அவருக்கு இல்லை. அச்சம் வந்துவிட்டால் நூல்பிடித்துப் பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்கும் சுவர் கோணலாகத்தான் தெரியும்.

கடைசி முயற்சியாக, அவள் விடுமுறை நாளில் வயிற்றுக்கு முழு ஓய்வு கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார். அன்று அடுப்பில் வெந்நீர் மட்டுமே கொதித்தது. அமிலம் மேலேறாதிருக்கத் தலையணைகளை அடுக்கி, அவளை அரசியைப் போலச் சாய்த்து உட்கார வைத்தார். அவள் அசையாமல் சாய்ந்தபடி மடியில் ஒரு புத்தகத்தை வைத்துப் படித்தாள். பகல் முழுதும் குமட்டல் எட்டிப் பார்க்கவில்லை. மாலை வரவர மேஸ்திரியின் முகம் வாடிற்று. அவள் நலமாயிருக்க இருக்க அவர் குற்றம் உறுதியாகிக்கொண்டே போனதல்லவா? நாளை முதல் வெளியில் சமையலுக்கு ஆள் சொல்லிவிட வேண்டும் என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரம். அவள் எழுந்து வந்து சுடரேற்றி, எப்போதும் பாடும் பதிகத்தின் ஓரடியை வாய்க்குள் முணுமுணுத்து, மண்டியிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தாள். உடனே ஒரு கையால் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். வந்தது தெளிந்த நீர்.

மேஸ்திரி அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். அவர் சமைத்த எதுவும் அவள் வயிற்றில் இல்லை. குற்றம் சாட்ட ஒரு பருக்கைகூட இல்லை.

வாய் கொப்பளித்துத் தரையில் அமர்ந்தபின், அவள் முதல்முறையாகச் சொன்னாள்.

"வயித்துல ஒண்ணும் இல்லீங்க. குனிஞ்சு நிமிர்ந்தா சாமி சுத்துறார்."

"என்னம்மா சொல்ற?"

"மாடம், விளக்கு, சுவர் எல்லாம் ராட்டினம் மாதிரி சுத்துது. கொஞ்ச நேரந்தான், ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்தச் சுத்துலதான் குமட்டிக்கிட்டு வருது."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். "கும்பிடும்போதே இப்படி ஆகுதே, சாமி என்னைப் பார்க்கப் பிடிக்காம முகத்தைத் திருப்பிக்கிறாரோன்னு பயம். நீங்க வயிறுன்னு சொன்னீங்க. அது இதைவிடச் சின்ன விஷயமாத் தோணுச்சு. அப்படியே விட்டுட்டேன்."

அவர் நஞ்சு தம் கையில் என்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவளோ குறை தன் வணக்கத்தில் என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் நடுக்கம் மற்றவருக்குத் தெரியாமல் இருவரும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள்.

அன்றிரவு மேஸ்திரி மெல்ல மெல்லக் கேட்டார், இம்முறை பதிலுக்குக் காத்திருந்து. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலும் அதே சுழற்சி வருகிறதாம். அதனால்தான் அவள் இப்போதெல்லாம் இடப்பக்கமே ஒருக்களித்து, விளிம்புவரை நிறைந்த குடத்தைச் சுமப்பவள்போல எழுகிறாள். நூலகத்தில் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தாலும் வருகிறதாம். அதனால் ஏணி வேலையை உடன் வேலை செய்பவரிடம் தள்ளிவிட்டாளாம். உடன் பணியாற்றும் ஒருத்தி வீட்டு விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்ட நாளில் ஒன்றுமே செய்யவில்லையாம்.

"அந்த விருந்துல காரம்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"கண்ணுல தண்ணி வந்துச்சு" என்றாள் அவள், கொஞ்சம் ஏக்கத்தோடு.

மறுநாள் மருத்துவரிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. அவளே சொன்னாள். கேட்டு முடித்த மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். வயிற்று வலி உண்டா, பேதி, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். அவள் கணவரை ஓரக்கண்ணால் பார்க்க, மேஸ்திரி மேற்கூரையின் பூச்சை ஆராய்ந்தார். மருத்துவர் காது மூக்குத் தொண்டை நிபுணருக்கு ஒரு சீட்டெழுதிக் கொடுத்தார்.

நிபுணர் இளம்பெண். அவசரமில்லாதவள். தலைவலியோடு வருகிறதா, வெளிச்சமும் சத்தமும் எரிச்சலூட்டுகின்றனவா என்று கேட்டாள். ஒற்றைத் தலைவலியும் இப்படிக் குமட்டி வயிற்று நோய்போல நடிக்கும் என்றாள். காது மந்தமா, காதில் இரைச்சலா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா, கை கால் மரத்துப்போகிறதா, நடை தள்ளாடுகிறதா என்றும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். பிறகு மேஸ்திரியின் மனைவியைக் கட்டிலில் நீள உட்கார வைத்து, முகத்தை வலப்புறம் பாதி திருப்பி, கண்ணை மூடக்கூடாது என்று சொல்லி, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்குமாறு சட்டெனச் சாய்த்தாள்.

சில நொடி ஒன்றுமில்லை. பிறகு அவள் கணவரின் கையை இறுகப் பற்றினாள்.

"இங்க வந்து கண்ணைப் பாருங்க ஐயா" என்றாள் மருத்துவர்.

பார்த்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமக்குப் பழகிய கண்கள், தாமாகவே மேல்நோக்கித் துள்ளித் துள்ளிச் சுழன்றுகொண்டிருந்தன. அவள் கண்ட சுழற்சியை அவர் கண்ணாரக் கண்டார். சற்று நேரத்தில் அது தளர்ந்து அடங்கியது.

"வயிறு கண்ணை இப்படி ஆட்டாது" என்றாள் மருத்துவர். "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?"

"கட்டட மேஸ்திரிம்மா."

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். உள்காதுல ரசமட்டம் மாதிரி, சமநிலை பார்க்கிற ஒரு அமைப்பு இருக்கு. அங்க இருக்கிற பொடிப்பொடிச் சுண்ணாம்புத் துகள் சிலது இடம் மாறி, பக்கத்துக் குழாய்க்குள்ள விழுந்திருச்சு. தலை அசையும்போது அது உருளுது. அசையாம நிக்கிற தலையை, சுத்துதுன்னு மூளைக்குத் தப்பாச் சொல்லுது. குமட்டல் அதோட எதிரொலிதான்."

"சுண்ணாம்பா?" என்றார் மேஸ்திரி.

"உங்க சுண்ணாம்பு இல்லீங்க" என்றாள் மனைவி, சாய்ந்தபடியே. "கவலைப்படாதீங்க."

மருத்துவர் அப்படியே வைத்திருந்து, பின் தலையை மெதுவாக இடப்புறம் திருப்பிக் காத்தாள். அடுத்து உடலோடு இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து, முகம் தரையை நோக்குமாறு திருப்பி மீண்டும் காத்தாள். கடைசியில் மெல்ல எழுப்பி உட்கார வைத்தாள். வழிதவறிய துகள்களை வந்த வழியே வீட்டுக்கு அனுப்பும் வேலை அது. மீண்டும் சாய்த்துப் பார்த்தபோது கண்கள் நின்ற இடத்தில் நின்றன. சில நாள் லேசாகத் தள்ளாட்டம் இருக்கலாம், பின்னொரு காலத்தில் திரும்பவும் வரலாம், வந்தால் இதையே மறுபடி செய்யலாம் என்றாள். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்துப்போனாலோ மட்டும் ஒரு கணமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அழுத்திச் சொன்னாள்.

"சாப்பாடு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நல்லாச் சமைச்சுப் போடுங்க. மெலிஞ்சுட்டாங்க."

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் எண்ணெய் திரும்பி வந்தது, புளிப்பு வந்தது, கடைசியாகக் காரம் தாளிக்கும் நெடி தெருவரை போய்த் தும்மல்களை அழைத்து வந்தது. தள்ளாட்டம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. ஆனாலும் அவள் மாடத்தின் முன் நின்றபடியேதான் கைகூப்பினாள். மாடத்தை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிக் கட்டித் தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாலை, பனி சன்னலுக்கு வெளியே நூலிழையாய் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவள் சுடரேற்றிவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்திருந்தாள். பின் மண்டியிட்டாள். மேஸ்திரி ஓடி வரவில்லை. சமையலறை வாசலிலேயே, துண்டில் ஈரக்கையைத் துடைக்கவும் மறந்து நின்றார். அவள் நெற்றி தரையைத் தொட்டது. பதிகத்தின் ஓரடி, பிறகு அடுத்த அடி. மெதுவாக நிமிர்ந்தாள்.

சுடர் நின்ற இடத்திலேயே நின்றது.

"முகத்தைத் திருப்பிக்கலைங்க" என்றாள். "இங்கதான் இருக்கார்."

அவர் அருகில் வந்து, மடங்க மறுத்த முழங்கால்களை மடக்கி, அவள் பக்கத்தில் அமர்ந்து கைகூப்பினார். அவளோ கூப்பிய அந்தக் கைகளைத் தன் இரு கைகளுக்குள் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கை நல்லா இருக்கணும்" என்றாள். "நூறு வருஷம் நல்லா இருக்கணும்."