மூன்று காது பல்பு

"தேஞ்சுபோன பல்பைக் குடுத்துட்டீங்களேம்மா! மாட்டினா நிக்கவே மாட்டேங்குது."

தையல்காரி பல்பைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தாள். காலையில் வாங்கிப் போனதுதான். வைத்த வேகத்தைப் பார்த்துக் கடைக்காரம்மா அதைச் சட்டென்று கையால் அணைத்துக்கொண்டாள்.

"பல்பு தேயறதுக்கு அது என்ன செருப்பா? நீங்க எந்த ஹோல்டர்ல மாட்டினீங்க?"

"எங்க வீட்டு ஹோல்டர்லதான். பக்கத்து வீட்டு ஹோல்டர்லயா மாட்டுவேன்?"

"அது சரி. எந்த மாதிரி ஹோல்டர்னு கேக்கறேன்."

"பல்பு போடற மாதிரி ஹோல்டர்."

கடையில் இன்னொருவர் நின்றிருந்தார். நெற்றி ஏறிய, கண்ணாடி போட்ட மனிதர். அவர் இதைக் கேட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். தையல்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நேரம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடை பன்னிரண்டு, சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். அவள் தைக்கிற பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசிக்கு முனை எது காது எது என்று தெரியும். அந்த விளக்கு நேற்று ராத்திரி 'டப்'பென்று போய்விட்டது.

"நான் பாத்துக்கறேன். ரெண்டு நாள்ல கொண்டாறேன். நீ அதுல கை வைக்காதே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் விடிகாலையில் வேலைக்குப் போய்விட்டார். நான்கு வருடமாக அந்த ஒரு விளக்கில் மட்டும் அவளைக் கை வைக்க விட்டதில்லை. ஒரு பல்பு வாங்க இரண்டு நாளா? இந்த மனுஷனை நம்பி உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் சீருடை இல்லாமல்தான் பள்ளிக்கூடம் போகும் என்று இவளே கிளம்பிவிட்டாள்.

"இங்க பாருங்க," என்றாள் கடைக்காரம்மா. அவள் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வகைக்கு ஒன்றாக ஹோல்டர்களை வரிசையாகப் பொருத்தியிருந்தாள். வாங்குகிறவர் கண் முன்னால் போட்டு எரியவிட்டுத்தான் கொடுப்பாள். "உலகத்துல பல்பு மூணே ஜாதி. காது வச்சது, மரை போட்டது, கால் வச்சது. நீங்க கொண்டுபோனது காது வச்சது. பித்தளைக் கழுத்துல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு நீட்டிட்டு இருக்கு பாருங்க. உள்ள அழுத்தி, ஒரு திருப்பு. காது பள்ளத்துல மாட்டிக்கும், அடியில இருக்கற ஸ்பிரிங் தள்ளிப் பிடிச்சுக்கும்." பலகையில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. "பல்பு மேல குத்தமில்ல."

"நானும் அப்படித்தான் அழுத்தினேன். உள்ளயே போகல."

"அப்ப உங்க வீட்ல மரை போட்ட ஹோல்டரா இருக்கும். அதுக்குக் காதெல்லாம் கிடையாது. பாட்டில் மூடி மாதிரி திருகிட்டே போகணும்."

"மரையெல்லாம் இல்ல. எங்க சமையலறைல இருக்கறது மரை. அது எனக்குத் தெரியாதா?"

"பொறுங்க பொறுங்க. இவரை அனுப்பிட்டு வர்றேன்." அவள் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கால் வச்சதுதானே அண்ணே? ஊசிக்காலா, தடிக்காலா?"

"கூரையில பதிச்ச குட்டி லைட்டுக்கு. கால் ரெண்டு இருந்துச்சு. ஊசியா தடியான்னு பாக்கலையேம்மா."

"பட்டறைல ஆணி ஒண்ணு குறைஞ்சாக்கூட கண்டுபிடிக்கற ஆளு, வீட்ல பல்போட காலைப் பாக்கலையாக்கும்! ஊசிக்கால்னா நேரா குத்தணும், அதுக்குப் பன்னெண்டு வோல்ட்தான். கூரைக்குள்ள ஒரு டப்பா இருக்கும், அது கரண்டைக் குறைச்சுக் குடுக்கும். தடிக்கால்னா நுனி பெருத்திருக்கும், குத்தித் திருப்பணும். அது வீட்டுக் கரண்ட்லயே எரியும். பாக்காம வாங்கிட்டுப் போனா அப்புறம் இந்தம்மா மாதிரி என்கிட்ட சண்டைக்கு வருவீங்க."

"நான் ஒண்ணும் சண்டைக்கு வரல," என்ற தையல்காரி பையைத் துழாவினாள். "பழசைக் கொண்டாந்திருக்கேன். அதையே பாத்துக் குடுங்க."

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல மகராசி!"

வெட்டுத் துணியில் சுற்றியிருந்த பழைய பல்பைக் கடைக்காரம்மா வாங்கிப் பிரித்தாள். காதருகே வைத்து ஆட்டினாள். அறுந்த கம்பி உள்ளே சலசலத்தது. பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது. வெகுநாள் காணாத உறவுக்காரரைத் தெருவில் பார்த்தவள்போல் ஆனாள்.

"அட! மூணு காது!"

"என்னது?"

"எண்ணிப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுலயும் சம தூரத்துல இல்ல, எதிரெதிராவும் இல்ல. அதான் ரெண்டு காது பல்பு உங்க ஹோல்டர்ல ஏறல. எந்த ரெண்டு பள்ளத்துக்கும் நேரா அதோட காது வராது. இது கடைல கிடைக்காதுங்க. முப்பது வருஷத்துல நானே நாலஞ்சு தடவைதான் பாத்திருக்கேன். பெரிய பட்டறைங்க மொத்தமா சொல்லி வரவழைக்கறது. அண்ணே, உங்க பட்டறைல இதுதானே?"

கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். பல்பை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதேதான்."

"இவர் நம்ம ஊர்ப் பெரிய பட்டறைல ஸ்டோர் பாக்கறவர்," என்றாள் கடைக்காரம்மா தையல்காரியிடம். தனக்குத் தெரிந்ததைச் சொல்கிற சந்தோஷத்தில் அவளுக்கு நிறுத்த முடியவில்லை. "எதுக்கு மூணு காது தெரியுமா? சாதாரண பல்பா இருந்தா ஆளாளுக்குக் கழட்டிட்டுப் போயிடறாங்களாம். இதைக் கொண்டுபோய் என்ன பண்றது? எந்த வீட்லயும் மாட்டாது. ஹோல்டரையும் சேத்துக் கழட்டிட்டுப் போனாத்தான்…"

அந்த இடத்தில் அவள் பேச்சு அப்படியே நின்றது.

தையல்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டோர்காரர் பல்பைத் திருப்பித் தராமல் மெதுவாகக் கேட்டார்:

"இந்த ஹோல்டர் எங்கம்மா இருக்கு?"

"எங்க வீட்லதாங்க. பின்னறைல."

"யார் மாட்டினது?"

"வீட்டுக்காரர்தான். எல்லா வேலையும் அவருக்கே தெரியும்."

"ரெண்டு அட்டை பீங்கான் ஃபியூஸ் எடுக்கணும், பரண்ல ஏறிக் குடுங்களேன்மா," என்று கடைக்காரம்மா இடையில் புகுந்தாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வீட்டுக்காரர் எங்க வேலை செய்யறார்?"

"உங்க பட்டறைலதாங்க!" என்றாள் தையல்காரி. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தெரிந்த மனிதராகப் போய்விட்டார், ஒரு பல்பு கேட்டால் தரமாட்டாரா? "பெயிண்ட் அடிக்கற பிரிவு. இருபத்திரெண்டு வருஷமா இருக்கார். ஒரு நாள் லேட்டா போனதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்மா," என்றார் அவர். "நல்ல மனுஷன்."

பல்பைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கால் வச்ச பல்பை வாங்காமலேயே படியிறங்கினார்.

"ஏங்க, என் பல்பு!"

அவர் திரும்பவில்லை. தையல்காரி கடைக்காரம்மாவைப் பார்த்தாள். கடைக்காரம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், நின்றுபோன அந்த வாக்கியம் இவள் மனசுக்குள் தானாக முடிந்தது.

"என் வாயை அடுப்புல வைக்க," என்றாள் கடைக்காரம்மா. மேசையைச் சுற்றி ஓடிவந்து ஒரு புது ஹோல்டரை அவள் கையில் திணித்தாள். இரண்டு காதுப் பல்பையும் கூடவே வைத்தாள். "ஓடுங்க. மெயினை அணைச்சிட்டு அதைக் கழட்டிடுங்க. மேல்மூடியைத் திருகினா வந்துடும், உள்ள ரெண்டு ஒயர்தான். அவங்க வந்து பாக்கறதுக்குள்ள இதைப் போட்டுடுங்க. நிக்காதீங்க, போங்க!"

வீட்டுக்கு வந்ததும் மெயினை அணைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கூரையிலிருந்து ஒயரில் தொங்கிய ஹோல்டரைக் கையில் பிடித்தாள். நான்கு வருடம் அதன் அடியில் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். ஒரு தரம்கூட நிமிர்ந்து இப்படிப் பார்த்ததில்லை. விரலை உள்ளே விட்டுத் தடவினாள். பள்ளம் மூன்று.

மூடியைத் திருகினாள். அசையவில்லை. சுவரின் நிறத்திலேயே அதற்கும் வண்ணம் அடித்திருந்தார் மனுஷன். பட்டறைப் பெயிண்ட். மரைக்குள் இறங்கிக் கல்லாக இறுகியிருந்தது. துணியால் பிடித்துத் திருகினாள். துருவேறி இறுகிய தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுவதுபோல் மல்லுக்கட்டினாள். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் துணி வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து ஒயரையே வெட்டினாள். கத்திரியின் வாயில் பல் விழுந்தது. ஹோல்டர் தரையில் விழுந்து உருண்டது. எடுத்து வெட்டுத் துணி மூட்டையின் அடியில் திணித்தாள். கூரையிலிருந்து இரண்டு ஒயர் முனை எட்டிப் பார்த்தன. புது ஹோல்டரை அதில் எப்படிக் கட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி இரண்டுகூட ஆகவில்லை.

வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தார். தூக்கைத் திறக்கவில்லை என்பது அதன் கனத்திலேயே தெரிந்தது.

"நான் கழட்டிட்டேங்க," என்றாள் அவசரமாக. "யார் வந்து பாத்தாலும் ஒண்ணும் இருக்காது. நான் ஏதோ உளறிட்டேன்னு சொல்லுங்க. பைத்தியக்காரி, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. குப்பைல கெடந்ததை எடுத்தேன்னு சொல்லுங்க."

"கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

"ஏங்க!"

"என்ன பண்ணச் சொல்றே? அவங்க மேசை மேல அந்தப் பல்பு இருந்துச்சு."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஹோல்டர் குப்பைல கெடந்ததுதான். பழைய கொட்டகையை இடிச்சப்போ எடுத்தேன். பல்பு குப்பைல கெடக்கல. நாலு வருஷத்துல ஏழு பல்பு."

"இனிமே?"

"இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. ஹோல்டரை மட்டும் கொண்டாந்து ஒப்படைக்கணுமாம்."

அவள் மூட்டையைப் பிரித்தாள். சீருடைத் துணி நறுக்குகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். அறுந்த ஒயர் இரண்டு விரல் நீளத்துக்கு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை வருடிப் பார்த்தார்.

"கத்திரியிலயா வெட்டினே? நல்ல கத்திரியாச்சே அது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நாலு வருஷம். இது இன்னதுன்னு ஒரே ஒரு வார்த்தை. செத்தாலும் அந்தக் கடைப் படியை மிதிச்சிருப்பேனா?"

"சொல்லியிருந்தா?" என்றார் அவர். "சொல்லியிருந்தா அந்த வெளிச்சத்துல உக்காந்து தச்சிருப்பியா?"

இருட்டு ரூம், இருட்டு ரூம் என்று நான்கு வருடத்துக்கு முன்னால் தினம் தினம் அவரைப் பிடுங்கியெடுத்தது அவள்தான். ஒரு விளக்குப் போட வக்கில்லையா என்று கேட்டதும் அவள்தான்.

அவர் எழுந்தார். கடைக்காரம்மா கொடுத்த ஹோல்டரைப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. முக்காலியில் ஏறி, பல்லால் ஒயரின் தோலை உரித்து, திருகாணிகளை முடுக்கி, மூடியைப் போட்டார். ஐந்து நிமிட வேலை. பல்பை எடுத்து அழுத்தித் திருப்பினார். இரண்டு காதும் இரண்டு பள்ளத்தில் போய் 'டக்'கென்று உட்கார்ந்தன.

"மெயினைப் போடு."

போட்டாள். அறை முழுக்க வெளிச்சம் வந்தது. வெட்டி வைத்த சீருடைகள், மிஷின், முக்காலிமேல் நின்ற மனிதர் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. அவர் கன்னம் நனைந்திருந்ததும் தெரிந்தது. நரைத்த மீசையில் வேலைப் பெயிண்ட் ஒரு சொட்டு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூட நேரம் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

"நிக்குதா?" என்றார், பல்பைப் பார்த்தபடி.

"நிக்குது," என்றாள்.

அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் எட்டிச் சுவிட்சை அணைத்துவிட்டாள். இருட்டில் அவர் முக்காலியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்குகிற சத்தம் கேட்டது.