கேட்காமல் விட்ட கட்டம்

கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைப்பவன் நான். தவமணி நீட்டிய தாளைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு பக்கத்தில் பதினோரு ‘ஏன்’.

“ஏன் என் பொண்ணு பொறப்பப் பதியல, ஏன் எட்டு மாசமா அலைய விடுறீங்க... இது தகவல் உரிமைச் சட்டத்துல கேக்குற மனுவா, தெருச்சண்டையா?”

“வயிறு எரியுதுண்ணே.”

எரியாமல் என்ன செய்யும்? மகள் இன்பவல்லி செங்கல் சூளையில் பிறந்தவள். பன்னிரண்டு வருடம் பிறப்பைப் பதியவில்லை; எட்டு மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பம் கொடுத்தாள். இப்போது பள்ளிக் கபடி அணியில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். போட்டிக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

“ஏன்னு கேட்டா, காரணம் சொல்றது எங்க வேலை இல்லைன்னு ஒரே வரியில திருப்பிருவான். கையில இருக்குற காகிதத்தக் கேளு, குடுத்துத்தான் ஆகணும்.”

பதினொன்றையும் அடித்துவிட்டு எழுதினேன்: என் விண்ணப்பத்தின் மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு யாரிடம், எத்தனை நாள் இருந்தது, அதில் எழுதப்பட்ட எல்லாக் குறிப்புகளின் சான்றிட்ட நகல்.

“என் கோவம் ஒண்ணுகூட இல்லையே” என்றாள். மனமில்லாமல் கையெழுத்துப் போட்டாள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிக் கொடுத்தேன்.

இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. கோப்பில் இரண்டே குறிப்பு. எழுத்தர் எழுதியது: ‘தந்தை பெயர்க் கட்டம் காலி. மனுதாரரிடம் விவரம் கேட்டுப் பெறலாம்.’ அதன் கீழே அதிகாரி: ‘கேட்டுப் பெறுக.’ பிறகு ஏழு மாதம் ஒன்றுமில்லை.

நகலோடு எழுத்தர் செல்லத்துரையிடம் போனோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு பொம்பளகிட்ட இத எப்படிக்கா கேக்குறது? நாளைக்குக் கேப்போம், நாளைக்குக் கேப்போம்னு தள்ளிட்டேன்.”

லஞ்சம் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். இந்த மனுஷனை என்ன சொல்ல? தவமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறப்பைப் பதியக் கேட்ட முதல் விண்ணப்பத்தை எழுதியதும் நான்தானே. அன்றைக்கு அந்தக் கட்டம் வந்ததும், கேட்கக் கூச்சப்பட்டு, காலியாகவே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். தனித்தாய் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வைத்திருந்தால் இத்தனை மாதம் போயிருக்காது. எனக்கு அவமானமாக இருந்தது.

“ரெண்டு பேரும் ரொம்ப மரியாதக்காரங்கதான்” என்றாள் அவள். “அந்த மரியாதையில எம்புள்ள வெளிய நின்னிருக்கும். இப்பவாவது கேளுங்கண்ணே.”

கேட்டேன். “தகப்பன் பேரு?”

“சேக்க வேணாம். நான் மட்டும்தான்னு எழுதுங்க.”

உறுதிமொழிப் பத்திரத்தை எழுதினேன். பிறப்பைப் பதியச் சொல்லி அந்த வாரமே உத்தரவு வந்தது; போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.