சங்கு ஊதியும் வராத கூட்டம்

ஆலைக் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு பாய்லர். ஷிப்ட் விட்டால் முந்நூறு வாய் ஒன்றாகத் திறக்கும். பாதிப் பேர் டீயின் வாசனையை மட்டும் மோந்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். இரண்டாவது பாய்லருக்காக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் கேட்டிருந்தாள். கடையை நேரில் பார்த்தால்தான் பணம் என்று கம்பெனி ஆபீசர் கிளம்பி வந்தார்.

அதற்காக அவள் தேய்த்த தேய்ப்பில் பெஞ்சே ஒரு சுற்று இளைத்துப்போயிருந்தது. கிளாஸெல்லாம் வெந்நீரில் குளித்து வெயில் காய்ந்தன. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் கண்ணாடி மூடி. வழக்கமாக வருகிற ஈ உட்காரப் போய் வழுக்கி விழுந்ததாகப் பேச்சு.

ஆபீசர் வந்து இறங்கியதோ பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் கடைப்பக்கம் காக்காய்கூட எட்டிப் பார்க்காது. அவர் பளபளத்த கிளாஸ்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா இருக்கே, யாரும் வர்றதே இல்லையாம்மா?"

அக்கா பெஞ்சை இழுத்துப் போட்டாள். ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும், பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சி உட்கார வைத்தாள். நாத்தனார் சண்டை, மாமியார் மூட்டுவலி எல்லாம் சொல்லி நேரத்தை ஓட்டினாள்.

சங்கு ஊதியது. கூட்டம் கேட்டைத் தாண்டி வந்தது. வந்ததெல்லாம் எதிர்ச்சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டது. ஒருத்தர்கூட ரோட்டைக் கடக்கவில்லை.

முந்தின நாள் அவள்தான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள், ஆபீசர் எதிரே கடன் டீ என்று எவனும் வாயைத் திறக்கக்கூடாது என்று. மாசக் கடைசி, எவன் பையிலும் காசில்லை. அக்கா பிழைப்பைக் கெடுக்கக்கூடாதென்று அத்தனை பேரும் டீயைத் தியாகம் செய்துவிட்டு நின்றார்கள். கூட்டத்திலிருந்த வெல்டர் ஒருவன் அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஆபீசர் பையை மூடினார். போச்சு, பாய்லர் போச்சு.

"கடங்காரப் பயலுகளா, வந்து குடிங்கடா!" என்று அக்கா கத்தினாள்.

அடுத்த நொடி ஆபீசரைக் காணோம். பன் தட்டுக்கும் ஃபிட்டர் முழங்கைக்கும் நடுவிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. எல்லாம் கடனா, வசூல் எப்படி என்று கேட்டது. ஏழாம் தேதி சம்பளம் போட்டதும் கேட்டில் நிற்பேன், பழைய பாக்கி தீராதவனுக்குப் புதுசாக டீ கிடையாது, இந்த வழியை விட்டால் வீட்டுக்குப் போக வேறு வழியும் கிடையாது என்றாள் அக்கா, ஆற்றிக்கொண்டே.

சங்கு ஓய்ந்து வெகுநேரம் ஆகியும் டீ கிடைக்காதவர்கள் அன்றும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஆபீசர் அதைக் கண்ணால் பார்த்தார். பையைத் திறந்தார். தவணை ஒண்ணாம் தேதி என்றார்.

"ஒண்ணாந்தேதி நீங்க வந்தா டீதான் கிடைக்கும் சார். எட்டாந்தேதி வாங்க, பணம் கிடைக்கும்."

அவர் யோசித்தார். பின்னாலிருந்து வெல்டர் தோளைத் தட்டினான்.

"சார், குடிச்சிட்டீங்கன்னா கிளாஸக் கழுவக் குடுங்க. ஆள் நிக்குது."

ஆபீசர் கிளாஸைக் கொடுத்துவிட்டு, எட்டு என்று எழுதினார்.