ஆலோசகர் வறீது

சுகதன் சாட்சிக்கூண்டில் ஏறியபோது வறீது தலையை நிமிர்த்தவே இல்லை. எதிர்த்தரப்பின் சாட்சியாக இந்த உலகத்தில் யார் வந்திருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். சுகதனா வரவேண்டும்? களமசேரி ரப்பர் கம்பெனியில் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். ஒரே யூனியன், ஒரே சாயாக்கடை. வறீதின் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று மீன்கறி ஊற்றியவன் சுகதன். இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கம்பெனி வக்கீலின் பின்னால் நடந்து வந்தான்.

விஷயத்தில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. வறீது மில் செக்‌ஷனில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். மறுமாதமே கம்பெனி கூப்பிட்டது. ரப்பரை மெல்லும் அந்த இரட்டை உருளை எந்திரத்தின் குணம் புதிய பையன்களுக்குப் பிடிபடவில்லை. பர்சனல் மேனேஜர் மேனோன் ஒரு காகிதத்தை நீட்டினார். "பேருதான் ஆலோசகர், வறீதேட்டா. மத்ததெல்லாம் பழையபடி" என்றார். மில்லுக்குத் திரும்புகிற சந்தோஷத்தில் வறீது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மற்றதெல்லாம் பழையபடிதான் இருந்தது. அதே ஷிஃப்ட், அதே சைரன், அதே காக்கி. பி.எஃப். மட்டும் இல்லை, போனஸ் இல்லை, லீவு இல்லை. சம்பளத்துக்குப் பெயர் கட்டணம். அதில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் பிடிப்பதுபோல வரி பிடித்தார்கள். ஏலிக்குட்டி, அவர் மனைவி, அதைக் கேட்டு, "ஆகா, நம்ம வீட்லயும் ஒரு டாக்டர்" என்று சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் ஓணத்துக்கு முந்தின நாள் அடுத்த ஷிஃப்டுக்கு ஆளில்லாமல் போனது. வறீதே உருளைமுன் நின்றார். வலது கை சிக்கி நாலு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு மேனோன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். நஷ்டஈடு பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க தொழிலாளி இல்லியே வறீதேட்டா. கம்பெனிக்கு யோசனை சொல்ற ஆளு. எந்திரத்தைத் தொடச் சொல்லி அந்தக் காகிதத்துல எங்க இருக்கு?" என்றார். யூனியன் ஆபீசுக்குப் போனால் அங்கே அதற்கு மேல். ரிட்டயர் ஆனவர்களை மறுபடி எடுத்தால் இளையவர்களின் பதவி உயர்வு முடங்கும் என்பதால், ஆலோசகராக மட்டுமே எடுக்கலாம், தொழிலாளர் கணக்கில் சேரக் கூடாது என்று யூனியன்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. நாற்காலியில் இருந்த செயலாளர், "உங்களைத் தொழிலாளின்னு நாங்களே சொன்னா, போட்ட ஒப்பந்தம் என்னாகும் தோழரே?" என்று கேட்டார். தோழரே என்று அவர் சொன்னதுதான் வறீதை அதிகம் சுட்டது.

கொடுத்த கட்டணம் இ.எஸ்.ஐ. காப்பீட்டின் சம்பள வரம்பைத் தாண்டியிருந்தது; அந்தக் கதவும் அடைத்துப்போனது. மிச்சமிருந்தது நஷ்டஈட்டுக் கமிஷனர் முன் இந்த வழக்கு ஒன்றுதான். அங்கே ஒரே கேள்வி: வறீது அந்தக் கம்பெனியின் தொழிலாளியா, இல்லையா? ஆமென்றால் விரல்களுக்கு விலை உண்டு. இல்லையென்றால், தன் இஷ்டத்துக்கு உள்ளே போய்க் கையைக் கொடுத்த வெளியாள். பணத்தைவிட இந்த வெளியாள் என்கிற சொல்தான் வறீதைத் தூங்கவிடாமல் செய்தது.

சுகதன் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. ஆலோசகர் வறீது நினைத்தபோது வருவார், நினைத்தபோது போவார். அவருக்கு மேல் யாரும் இல்லை. தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பவும் அவருக்கு உரிமை உண்டு. பச்சைப் பொய். சுகதன் எதற்காக இதைச் சொல்கிறான் என்றும் வறீதுக்குத் தெரியும். வருகிற ஏப்ரலில் அவனுக்கு ரிட்டயர்மென்ட். அதே ஆலோசகர் நாற்காலியை மேனோன் அவனுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

வறீதின் வக்கீல் ஷாஹினா எழுந்தாள். அவளுக்குச் சத்தம் போடத் தெரியாது.

"சுகதன் சேட்டா, உங்க ஷிஃப்ட்ல நீங்கதானே ஃபோர்மேன்?"

"பதினோரு வருஷமா."

"உங்க ஷிஃப்ட்ல ரொம்பக் கட்டுப்பாடு இல்லன்னு சொல்றாங்களே. ஆளுங்க பாதில எழுந்து போயிடுவாங்களாம்."

சுகதனின் கழுத்து நீண்டது. "எவன் சொன்னான்? என் ஷிஃப்ட்லயா?"

"இதோ நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. வறீது நினைச்சப்ப போவாருன்னு."

"அது…" என்று இழுத்தான் சுகதன்.

"உருளை சுத்திக்கிட்டிருக்கும்போது அவரு கிளம்பிப் போனா, ரப்பர் என்னாகும்?"

"கருகிடும். நாசமாயிடும். அதெப்படிப் போவாரு? மாத்தாள் வராம மில்லை விட்டு ஒருத்தன் நகர முடியாது. அது எங்க வழக்கம். மேனேஜரே வந்து சொன்னாலும் நான் விடமாட்டேன்."

கம்பெனி வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். சாட்சி பேசட்டும் என்று கமிஷனர் அவரைக் கையமர்த்தினார்.

"மாத்தாள் வரலன்னா?"

"டபுள் ஷிஃப்ட் பாக்கணும். யாரா இருந்தாலும். ரிட்டயர் ஆகித் திரும்ப வந்த பிறகும், பேரன் ஞானஸ்நானம், போகணும்னு இவரே வந்து கேட்டாரு. நான் விடலியே. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் நின்னாரு." சுகதன் அதைப் பெருமையாகவே சொன்னான். சபையில் தன் கண்டிப்பை மெச்சுவார்கள் என்று நினைத்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"தனக்குப் பதிலா மச்சானை அனுப்பியிருக்கலாமே."

"மில்லுல கண்டவனைக் கொண்டுவந்து நிறுத்தவா? கேட்டுலயே திருப்பிடுவேன்."

"அன்னன்னிக்கு எந்த ரப்பர், எவ்வளவு நேரம்னு யார் முடிவு பண்றது?"

"நான்தான். போர்டுல எழுதிடுவேன். அதுபடி ஓட்டணும்."

"ஓணத்துக்கு முந்தின நாளும்?"

அப்போதுதான் சுகதன் விழித்துக்கொண்டான். மேனோனைப் பார்த்தான். மேனோன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமிஷனர், "பதில் சொல்லுங்க" என்றார்.

"ஆளில்ல. நான்தான் நிக்கச் சொன்னேன்" என்றான் சுகதன்.

கமிஷனர் ஒவ்வொரு வரியையும் நிதானமாகச் சொல்லித் தட்டச்சு செய்வித்தார். வாசித்துக் காட்டினார்கள். சுகதன் கையெழுத்துப் போட்டான்.

வராந்தாவில் ஷாஹினா மெதுவாகச் சொன்னாள்: "போதும் வறீதேட்டா. காகிதத்துல என்ன பேரு வேணா போடட்டும். வேலையை யாரு சொல்றாங்க, யாரு கட்டுப்படுத்துறாங்கன்னுதான் பாப்பாங்க. லீவு கேட்டு, குடுக்கமாட்டேன்னு சொன்ன இடத்துல முதலாளி இருக்கான், தொழிலாளி இருக்கான். தீர்ப்பு நம்ம பக்கம்தான் வரும்னு நெனக்கிறேன். அவங்க ஹைக்கோர்ட் போகலாம். போறதுன்னா தீர்ப்புத் தொகையைக் கட்டிட்டுத்தான் போகணும்."

வறீதுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்தது அப்புறம். சுகதன் சொல்லிவிட்டானே. வாக்குமூலத்தில் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும், கடைசியில் மனசு கேட்கவில்லை அவனுக்கு. எத்தனை வருஷச் சாயா, எத்தனை ஊர்வலம். இவனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு படியிறங்கினார். வேப்பமரத்தடியில் சுகதன் தனியாக நின்றிருந்தான். மேனோனின் கார் அவனை ஏற்றாமலே போயிருந்தது.

வறீது இடது கையை நீட்டினார். "சுகதா, நீ எனக்காக…"

சுகதன் அந்தக் கையைத் தொடவில்லை.

"உனக்காகவா? பைத்தியமா உனக்கு? அந்தப் பொண்ணு என் ஷிஃப்டைப் பத்தித் தப்பாப் பேசினா. வாய் தவறிடுச்சு." மேனோனின் கார் போன திசையைக் காட்டினான். "ஏப்ரல்ல எனக்கு இருந்த வேலை போச்சுடா. உன்னால."

"நீ சொன்னது உண்மைதானே."

"உண்மைதான். யாரு இல்லன்னா? அந்தப் பொண்ணு எங்க கொண்டுபோறான்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கமாட்டேன்."

அவன் குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். வறீது நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு வீட்டுக்குப் போனார்.

ஏலிக்குட்டி வாசலிலேயே கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"தொழிலாளிதான்னு ஆயிடும்போல."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "யாரு சொல்லி ஆச்சு?"

"சுகதன்."

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல, அவன் கைவிடமாட்டான்னு. இருங்க, அவன் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லிடறேன்."

வறீது அவள் கையிலிருந்து போனை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். ஏன் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் இடது கையால் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.