ஆர்லிஸ் சாப்பிட்ட ஹாஃப் பாயில்

ஆர்லிஸ் ஹாகன் இறந்த பிறகு எங்கள் கடைச் சமையல்காரன் வெர்ன் ஹாஃப் பாயில் போடுவதை நிறுத்திவிட்டான். மெனு அட்டையில் அந்த வரியை அவனே பேனாவால் அடித்தான். யாராவது கேட்டால், "திருப்பிப் போட்டதுதான் கிடைக்கும், மஞ்சள் உடையாம தருவான்" என்று நான் சொல்லிவிடுவேன். அந்தச் சாலையோர டைனரில் பதினேழு வருடமாகப் பரிமாறுகிறேன். ஆர்லிஸுக்கு அந்தத் தட்டைக் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

அன்று மே மாதம், மீன்பிடி சீசன் திறந்த காலை. படகுக்காரர்கள் எல்லாம் ஏரிக்குப் போகும் முன் எங்களிடம் வந்து நிற்பார்கள். கல் முழுக்க உருளைக்கிழங்குத் துருவல் வெந்துகொண்டிருந்தது. அதற்காக வெர்ன் தீயை ஏற்றி வைத்திருந்தான். முட்டைக்கு அந்தச் சூடு ஆகாது. அடிப்பக்கம் சலசலவென்று பொரிந்து ஓரம் பழுப்பாகிவிடும். ஆனால் மேலே, மஞ்சளைச் சுற்றி இருக்கிற வெள்ளை வேகாமல் கண்ணாடி மாதிரி அசைந்துகொண்டிருக்கும். ஓரத்தில் சூடு குறைந்த இடத்துக்குத் தள்ளி, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடியைக் கவிழ்த்தால் ஆவியிலேயே வெந்துவிடும். ஒரு நிமிடம் போதும். அன்று அந்த ஒரு நிமிடம் அவனிடம் இல்லை.

ஆர்லிஸ் தட்டைப் பார்த்தாள். எழுபத்தெட்டு வயது, சர்ச்சில் பியானோ வாசித்த கைகள். கரண்டி நுனியால் வெள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சமையல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"கொஞ்சம் ஆடுது வெர்ன். பரவால்லப்பா, நீ வேலைய பாரு."

ரொட்டியால் தொட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சலும் பேதியும். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். முட்டையில் இருக்கிற கிருமி என்றார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து குளிர்பெட்டியின் சூட்டை அளந்தாள், முட்டை அட்டைகளை எடுத்துப் போனாள். எதுவும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதி அனுப்பினார்கள். வெர்னுக்கு அந்தக் காகிதம் போதவில்லை.

ஜூலையில் ஒருநாள், கூட்டம் வடிந்த பிறகு, அவன் கல்லைச் சுரண்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"டோரீன், நீ ஏதும் கேக்கறியா?"

"என்னத்த?"

"மூடியத் தூக்கும்போது. ஆவி மேல வரும்ல, அப்போ. 'பரவால்லப்பா'ன்னு. காதுகிட்டயே சொல்ற மாதிரி இருக்கு. பாலாடைக்கட்டி உருக்க மூடி போட்டாக்கூட கேக்குது."

"தூக்கம் பத்தல உனக்கு."

"தூங்கிட்டுத்தான் இருக்கேன். திட்டிருந்தாக்கூடத் தேவலடி. திருப்பி அனுப்பிருக்கலாம்ல அந்தம்மா?"

அதன்பின் அவன் மூடியையே தொடவில்லை. பாலாடைக்கட்டி உருக, அதை வைத்த ரொட்டியையே கல்லில் கவிழ்த்துப் போட்டான். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஆர்லிஸ் உட்கார்ந்த ஜன்னலோர இடத்தில் யார் உட்கார்ந்தாலும், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். எனக்கும் அந்த மேசையைத் துடைக்கும்போது முதுகில் யாரோ பார்ப்பது போலிருக்கும்.

நவம்பரில் முதல் பனி விழுந்த வியாழக்கிழமை, ஆர்லிஸின் கணவர் ஆர்வில் வந்தார். சாவுக்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. நேராக அந்த ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு ஹாஃப் பாயில்."

"இப்ப அது போடறதில்லைங்க. திருப்பிப் போட்டு..."

"அவன்கிட்ட சொல்லு கண்ணு. ஆர்வில் கேக்கறான்னு சொல்லு."

சொன்னேன். வெர்ன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். வெளியே வந்து, ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றான்.

"என்னால முடியாது ஆர்வில். நீங்க என்ன நினைக்கறீங்களோ அதான் உண்மை. அன்னிக்கு வெள்ளை வேகல. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

கிழவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"உன் முட்டையாலதான்னு எப்படிறா சொல்ற? அந்த வாரம் பூரா வீட்டுல நான்தான் அவளுக்கு முட்டை போட்டேன். அவளுக்கு மணிக்கட்டு வலி. இங்க வந்த அந்த ஒரு காலை போக மத்ததெல்லாம் நான்தான். தீய முழுசா வெச்சிருவேன். அடி கருகிரும், மேல பச்சையா இருக்கும். 'பரவால்ல'ன்னு சாப்பிடுவா."

வெர்ன் எதிர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்ககிட்டயும் அதையேதான் சொன்னாங்களா?"

"நாப்பத்தொம்பது வருஷமா எதுக்கும் அதையேதான் சொன்னா. இப்பவும் சொல்றா. வாணலிய அடுப்புல வெச்சா போதும். அதான் வந்தேன். எனக்கு அத ஒழுங்கா போடக் கத்துக்குடு."

கடையில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். வெர்ன் எழுந்து, அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். கல்லை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பது போன்ற ஒரு சின்ன வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தான்.

"தீ இதுக்கு மேல வேணாம். வெண்ணெய் உருகி லேசா நுரைக்கணும், பழுப்பாகக் கூடாது. இப்ப உடைங்க. கிட்ட வெச்சு உடைங்க, உயரத்துல இருந்து போட்டா மஞ்சள் சிதறும்."

முதல் முட்டை சிதறியது. இரண்டாவது நின்றது.

"சத்தம் வருதா? பொரியற சத்தம் வந்தா தீ ஜாஸ்தி. ஓரம் வெளுக்கட்டும். இப்ப ஓரமா ஒரு ஸ்பூன் தண்ணி. முட்டை மேல இல்ல, பக்கத்துல. மூடுங்க."

மூடியை அவர் கவிழ்த்தார். உள்ளே தண்ணீர் சீறியது. ஒரு நிமிடம் இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"தூக்கறேன்" என்றார் ஆர்வில்.

"தூக்குங்க."

ஆவி எழுந்தது. அவர்கள் இருவரும் தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்பதை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். என்ன கேட்டார்களோ, இருவருமே சொல்லவில்லை. வெள்ளை முழுக்கக் கெட்டியாகி, மஞ்சள் மேல் மெல்லிய படலம் படிந்திருந்தது. வெர்ன் கரண்டி நுனியால் தொட்டுக் காட்டினான். ஆடவில்லை.

"மஞ்சள் உருகி இருக்கறவரைக்கும் கிருமி செத்துருச்சுன்னு முழு நிச்சயம் கிடையாது ஆர்வில். வயசானவங்களுக்கு நல்லா வெந்ததுதான் நல்லதுன்னு டாக்டரே சொல்வாங்க."

"தெரியும். எனக்கு நான்தான போட்டுக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். அவரே போட்டார். வெர்ன் இரண்டு முட்டையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டான். ஆர்வில் கேட்டதற்காக இன்னொரு காபியும் குடித்தோம். கிழவர் வாசல்வரை வந்து, பனியில் வழுக்கப் போகிறது என்று எச்சரித்துக் கதவைச் சாத்தினார்.

வண்டியில் ஏரியைச் சுற்றி வரும்போதுதான் நான் சொன்னேன். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாதது.

"வெர்ன், அன்னிக்குத் தட்ட எடுக்கும்போதே நானும் பாத்தேன். வேகலன்னு எனக்கும் தெரியும். திருப்பி உன்கிட்ட குடுத்திருக்கணும்."

அவன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான்.

"தெரியும். ஜன்னல்ல தட்டப் புடிச்சுக்கிட்டு ஒரு நொடி நின்னியே. நீ ஏதாச்சும் சொல்லிருவியோன்னு நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன்."